தங்கை புது வேலையை அறிவித்த கதை: 540 வார்த்தையில் மிஞ்சியது எது

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு என் சித்தப்பா மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, லிங்க்ட்இன் இதை எடுத்துக்கவே மாட்டேங்குது, என்னன்னு பாருங்க." கீழே ஒரு நீளமான பதிவு. ஏழு மாத இடைவெளிக்குப் பிறகு அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது, அதை ஊருக்குச் சொல்ல உட்கார்ந்து நாலு நாளாக எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், 540 வார்த்தை. லிங்க்ட்இன் பதிவுக்கு 3000 எழுத்துதான் வரம்பு, அதுவும் தமிழில் நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் "கொ" கணினிக்கு இரண்டு, "க்" என்பதும் இரண்டு. அதனால் தமிழில் எழுதினால் நினைத்ததைவிட சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும். அவள் எழுதியது 4500-ஐத் தாண்டியிருந்தது.

நான் 12 வருடமாக ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி அறிவிப்புகளைத் தினமும் பார்க்கிறேன், பார்த்துவிட்டு விண்ணப்பம்கூட வராத சிலரை நானே அழைத்துப் பேசியிருக்கிறேன். அவள் எழுதியதில் ஒரு பகுதி இது, அவள் சம்மதத்தோடுதான் போடுகிறேன். இதில் வரும் ஃபவுண்டரி என்பது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை, காஸ்டிங் என்பது அங்கே வார்த்த பாகம்:

"எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, எழுத நேரமும் இல்லை, மனசும் இல்லை. வாழ்க்கை நம்மை எங்கெங்கோ கொண்டு போகிறது. ஆறு வருடத்துக்கு முன் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது எனக்கு வெர்னியர் காலிப்பரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. என் சூப்பர்வைசர்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். மூன்று அப்ரைசல் வந்து போனது, எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பிரமோஷன் வந்தது, நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஃபவுண்டரியிலிருந்து வந்த காஸ்டிங்கில் நூற்றுக்கு ஒன்பது ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்ததை நாங்கள் மூன்றுக்குக் கொண்டு வந்தோம். காஸ்டிங் வந்து இறங்கிய பிறகு குறையைக் கண்டுபிடிப்பதைவிட, அது ஏன் அந்தக் குறையோடு வருகிறது என்று ஃபவுண்டரிக்கே போய்ப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் அப்பாவுக்கு ஆபரேஷன். வேலையை விட்டேன். பதினோரு இன்டர்வியூ. ஒவ்வொன்றிலும் ஏன் கேப் என்று கேட்டார்கள்..."

இன்னும் போகிறது. அத்தையிலிருந்து ஹாஸ்டல் தோழி வரை பெயர் சொல்லி நன்றி இருந்தது. என்ன வேலை, எங்கே, எப்போதிலிருந்து என்பது நாலாவது பத்தியின் கடைசியில் வந்தது.

எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது. அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அவளைத் தெரியாத ஒருவர், பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகிறவர், இதில் முதல் மூன்று வரியைத்தான் பார்ப்பார். அதற்குமேல் லிங்க்ட்இன் மறைத்துவிட்டு `…more` என்று காட்டும், தொட்டால்தான் மீதி விரியும். அவள் பதிவில் அந்த மூன்று வரியில் இருந்தது, ரொம்ப நாளாக எழுதவில்லை, மனசில்லை, வாழ்க்கை எங்கெங்கோ கொண்டு போகிறது. படிப்பவர் இதை வேலை போன செய்தி என்றுகூட நினைக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பதிவைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன், ஏனென்றால் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை உடனே அழிக்கப் போய்விடும், அழிக்கிற வேலை இன்னும் வரவில்லை. "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இது யாருக்காக எழுதினது என்று எழுது" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. "எல்லாருக்கும்தான் அக்கா." "சரி, அப்ரைசல் வாக்கியம் யாருக்கு?" கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க பழைய மேனேஜருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் வேகமாக எழுதினாள். மொத்தம் 41 வாக்கியம். அதில் 11 அவளுக்காகவே எழுதிக்கொண்டது, 9 வீட்டில் உள்ளவர்களுக்கு, 9 அவளுக்கு உதவியவர்களுக்கு, 7 பழைய மேனேஜருக்கு. அவளை யாரென்றே தெரியாத, ஆனால் அவள் தொழிலில் இருக்கிற ஒருவருக்குப் பயன்படுவது 5 வாக்கியம். அந்த ஐந்துதான் அறிவிப்பு. மற்ற 36-ம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். அவை வேறு கடிதங்கள், எல்லாம் ஒரே உறைக்குள் போய்விட்டன. உதவியவர்களுக்கான ஒன்பதை அவள் அன்று இரவே ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸப்பில் அனுப்பினாள். கூட்டத்தில் ஒரு பெயராகச் சொல்லும் நன்றியைவிட அதுதான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

பழைய மேனேஜருக்கான ஏழு வாக்கியத்தையும் எடுப்பதில்தான் சண்டை வந்தது. "நான் யார் பேரையும் சொல்லலையே, நடந்ததைத்தானே சொல்றேன்?" பெயர் சொல்லவில்லை, சரி. ஆனால் அவளுடைய ப்ரொஃபைலைத் தட்டினால் அடுத்த நொடியே கம்பெனி பெயர் தெரியும், எந்தப் பிரிவு என்பதும் தெரியும். அந்தப் பிரிவுக்கு மேனேஜர் ஒருவர்தான். "நான் எதுவும் கேட்கவில்லை" என்ற வாக்கியம் அவளுக்குப் பொறுமையாகத் தெரிகிறது, ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அது புகாராகத்தான் கேட்கிறது. அவளுக்கு நடந்தது அநியாயம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதைப் பேச வேண்டிய இடம் வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது, அது அவளுக்குத் தோன்றவே இல்லை. காஸ்டிங் ரிஜெக்ட் ஒன்பதிலிருந்து மூன்றுக்கு வந்தது என்ற அந்த வாக்கியம். எண் போட்டுச் சாதனையைச் சொல்லுங்கள் என்று ரெஸ்யூமே எழுதச் சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு ஃபவுண்டரியின் ரிஜெக்ஷன் எண்ணிக்கை அவளுடையது இல்லை, பழைய கம்பெனிக்கும் அந்த ஃபவுண்டரிக்கும் நடுவில் உள்ள தகவல் அது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பது பற்றி ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலும் அது வேலையை விட்ட பிறகும் கட்டுப்படுத்தும். முதல் வரைவில் அவள் ஃபவுண்டரியின் பெயரையே போட்டிருந்தாள், இங்கே நான்தான் எடுத்துவிட்டேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவள் புது வேலை சப்ளையர் குவாலிட்டி. இனிமேல் அவள் தினமும் சப்ளையர்களோடுதான் உட்கார்ந்து பேச வேண்டும், அவர்கள் தங்கள் தொழிற்சாலைக் கதவைத் திறந்து உள்ளே என்ன தப்பு நடக்கிறது என்று காட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அவளைப் பற்றிப் படிக்கும் முதல் பதிவிலேயே ஒரு சப்ளையரின் குறையை அவள் பொதுவில் எண்ணோடு சொல்லியிருந்தால்? இதைச் சொன்னதும் அவளே பேனாவை எடுத்து அடித்தாள்.

ஏழு மாத இடைவெளியைப் பற்றியும் பேசினோம். அதை மறைக்க வேண்டும் என்பது என் கருத்து இல்லை. ஆனால் அறிவிப்பில் அதை விளக்கப் போனால் செய்தி அப்பாவின் ஆபரேஷனைப் பற்றியதாகிவிடும், கீழே வரும் பதில்கள் எல்லாம் "அப்பா இப்போ எப்படி இருக்கார்" என்றுதான் இருக்கும். தவிர அது அவர் உடம்பு, அவரிடம் கேட்காமல் அதைப் பொதுவில் வைக்கக் கூடாது. 2022-லிருந்து லிங்க்ட்இன் ப்ரொஃபைலிலேயே `Career break` என்று ஒரு பகுதி இருக்கிறது, குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டது என்று காரணத்தையும் தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஒரு வரி போட்டோம். தேதி பார்க்கிறவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். பழைய வேலையின் தேதிகளையும் ரிலீவிங் லெட்டரில் இருக்கிற மாதமும் வருடமும் அப்படியே வருகிற மாதிரி திருத்தினோம். அவள் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தாள், ஞாபகத்தில் போட்டது. பின்னணி சரிபார்க்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு மாதத்துக்கும் விளக்கம் கேட்பார்கள்.

சரி, ஐந்து வாக்கியம் மிஞ்சியது. நான் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் அவளே ஒன்று எழுதி வைத்திருந்தாள்:

"ஓசூரில் உள்ள இந்த நிறுவனத்தில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியராகப் பொறுப்பேற்றுள்ளேன் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த வாய்ப்பை வழங்கிய நிர்வாகத்துக்கு நன்றி. என் பயணத்தில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி. புதிய சவால்களை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்."

சின்னதுதான், பிழை எதுவும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் கையால் மூடிவிட்டுப் படித்தால் இதை வங்கியில் சேர்ந்தவரும் போடலாம், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரும் போடலாம். நிறையப் பேர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். அளந்து பேச வேண்டும் என்றதும் நீளத்தோடு சேர்த்து ஆளையும் வெட்டிவிடுகிறார்கள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை. "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்கு அக்கா, இதுல நானே இல்லை."

அப்போது பழைய தாளைத் திரும்ப எடுத்து ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டேன். வந்து இறங்கிய பிறகு குறையைக் கண்டுபிடிப்பதைவிட, அது ஏன் அந்தக் குறையோடு வருகிறது என்று ஃபவுண்டரிக்கே போய்ப் பார்ப்பது. 41 வாக்கியத்தில் இது 8-ஆவது, ஒரு புகாருக்கும் ஒரு துக்கத்துக்கும் நடுவில் கிடந்தது. ஆனால் உள்வரும் ஆய்வில், அதாவது லாரியில் வந்து இறங்கும் பாகத்தை அளந்து பார்த்து ஏற்கிற, தள்ளுகிற பிரிவில் ஆறு வருடம் இருந்த பெண் ஏன் சப்ளையர் குவாலிட்டிக்குப் போகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலை மாதிரி இருக்கும். ஒன்று வாசலில் நின்று சோதிப்பது, மற்றது பாகம் பிறக்கிற இடத்துக்கே போவது. அவள் ஏற்கெனவே மனதளவில் அந்த இரண்டாவது வேலையில்தான் இருந்திருக்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்திருந்தால் நான் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பேன்.

அதை நடுவில் வைத்து மறுபடி கட்டினோம். பதவி, இடம், எப்போதிலிருந்து என்பதை முதல் வாக்கியத்துக்குக் கொண்டு வந்தோம். நன்றிக்கு ஒரே ஒருவர், அதுவும் என்ன செய்ததற்காக என்பதோடு. கடைசியில் படிப்பவர் ஏதாவது செய்யக்கூடியதாக ஒரு வரி. இதுதான் வந்தது, நிறுவனத்தின் பெயரை மட்டும் இங்கே எடுத்துவிட்டேன்:

"இந்தத் திங்கள் முதல் ஓசூரில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியராக வேலை செய்கிறேன். மின் ஸ்கூட்டருக்கான அலுமினிய டை காஸ்டிங் பாகங்கள் என் பொறுப்பு.

இதற்கு முன் ஆறு வருடம் கோவையில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் உள்வரும் ஆய்வில் இருந்தேன். வந்து இறங்கிய காஸ்டிங்கில் குறையைக் கண்டுபிடிப்பதைவிட, அது ஏன் அந்தக் குறையோடு வருகிறது என்று ஃபவுண்டரிக்கே போய்ப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. இனி அதுவே என் முழு வேலை.

முதல் நாள் காலிப்பரைக் கையில் கொடுத்து, அளப்பதற்கு முன் அதன் பூஜ்யத்தைப் பார் என்று சொல்லித்தந்த என் சூப்பர்வைசருக்கு நன்றி.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டை காஸ்டிங்கில் இருப்பவர்கள் இருந்தால் உங்களோடு பேச விரும்புகிறேன்."

எழுபது சொச்சம் வார்த்தை. பூஜ்யம் பற்றிய விஷயம் பழைய வரைவில் இல்லை. "கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்" என்றுதான் இருந்தது. என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன், காலிப்பரின் இரண்டு தாடைகளையும் மூடிப் பூஜ்யம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் அளக்க விடமாட்டாராம், காட்டாவிட்டால் அன்று அளந்தது எல்லாமே அதே அளவு தப்பாக இருக்கும். சுருக்குகிற வேலையில் இப்படிச் சேர்க்க வேண்டியதும் வரும்.

அவள் டீமில் பாதிப் பேர் புனேக்காரர்கள் என்பதால் இதையே ஆங்கிலத்தில் எழுதி மேலே வைத்து, தமிழைக் கீழே போட முடிவு செய்தோம். இரண்டும் சேர்ந்தும் 3000-க்குள் தாராளமாக அடங்கியது. மொழி மாற்றும்போது ஒன்றைக் கவனித்தேன், பொருள் உள்ள வாக்கியங்கள் கஷ்டமில்லாமல் அந்தப் பக்கம் போயின. ஆங்கிலத்துக்குப் போனதும் எங்கிருந்தோ பெருமிதமும் பரவசமும் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்த்தன, அங்கே எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்பதால். தமிழில் இல்லாத எதையும் ஆங்கிலத்தில் சேர்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவே போட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. வேண்டாம் என்றேன், கோபப்பட்டாள். கையில் இருந்தது ஆஃபர் லெட்டர், சேரும் தேதிக்கு இன்னும் 14 நாள் இருந்தது, அதில் பின்னணி சரிபார்ப்பு முடிந்தால்தான் வேலை உறுதி என்று ஒரு வரியும் இருந்தது. பெரும்பாலான ஆஃபர் லெட்டரில் இது இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. நான் பார்த்த ஒரு பையன் ஆஃபர் வந்த அன்றே அறிவித்துவிட்டான், பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுக்கவே இல்லை. அவனுடைய மேனேஜருக்கு லிங்க்ட்இன் மூலமாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் 60 நாள் நோட்டீஸில் ஒரு நாள்கூடக் குறைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை, புது இடத்தில் சேரும் தேதி தள்ளிப் போனது. என் தங்கைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் சேர்ந்து, ஐடி கார்டு கைக்கு வந்த பிறகு போடுவதில் அவளுக்கு எதுவும் குறையப் போவதில்லை. "இந்தத் திங்கள் முதல்" என்று அந்த வரைவில் இருப்பது அதனால்தான்.

பதவியின் பெயரும் அந்த 14 நாளில்தான் சரியானது. அவள் வரைவில் சீனியர் என்று ஒரு சொல் இருந்தது. இன்டர்வியூவில் அப்படிப் பேசினார்களாம், ஆர்டரில் அந்தச் சொல் இல்லை. ஆர்டரில் உள்ளதைத்தான் போட வேண்டும், ஏனென்றால் பதிவைப் பார்க்கப் போகிற முதல் ஆட்கள் பக்கத்து மேசைக்காரர்கள். நிறுவனத்தை டேக் செய்யும்போதும் ஒரு தடவை நின்று பார்க்கச் சொன்னேன். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தன, ஆட்களின் எண்ணிக்கையையும் ஊரையும் பார்த்துச் சரியானதைப் பிடித்தோம்.

இன்னொன்று, நிறையப் பேர் மாட்டிக்கொள்வது. ப்ரொஃபைலில் புது வேலையைச் சேர்க்கும் படிவத்தின் மேலேயே `Notify network` என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஆனில் இருந்தால் நீங்கள் சேமித்ததுமே லிங்க்ட்இன் தானாக எல்லோருக்கும் சொல்லிவிடும், வாழ்த்து வர ஆரம்பித்துவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பதிவு இரண்டாவது செய்தியாகப் போகும். அதை அணைத்துவிட்டு வேலையைச் சேர்த்தாள், ப்ரொஃபைல் படத்தைச் சுற்றியிருந்த பச்சை நிற `#OpenToWork` வளையத்தை எடுத்தாள், அப்புறம்தான் பதிவு. போடுவதற்கு முன் அவள் போனில் ஒரு தடவை, என் போனில் ஒரு தடவை வைத்துப் பார்த்தோம், `…more` எங்கே வெட்டுகிறது என்று. என் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பேன், அதிலும் பதவியும் ஓசூரும் மேலேயே நின்றன.

டேக் ஒருவரைத்தான் செய்ய நினைத்தாள், அந்த சூப்பர்வைசரை. தேடினால் அவர் லிங்க்ட்இன்னிலேயே இல்லை. அதனால் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது, எனக்கும் போட்டுக் காட்டினாள். "நல்லா இரும்மா" என்று ஆரம்பித்து, உடனே, "அலுமினியம்னா உள்ள காத்துக் குழி விழும், வெளியில தெரியாது, நீங்க அங்க எக்ஸ்ரே வச்சுப் பாக்கறீங்களா, இல்ல அறுத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டிருந்தார். அவள் பதில் சொல்ல ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆனது, நான் கிளம்பிவிட்டேன்.